பொன் கன்றுக்குட்டியின் விலை

2008 செப்டம்பர் 15 மாலை, லண்டன் நியூ பாண்ட் தெருவில் உள்ள சோத்பீஸ் ஏல அரங்கில் ஒரு வெள்ளைக் காளைக் கன்று ஏலத்துக்கு வந்தது. உயிருள்ள கன்று அல்ல. பெரிய கண்ணாடித் தொட்டியில், ஃபார்மலின் கரைசலில் நின்றுகொண்டிருந்த பதப்படுத்திய உடல். கொம்பும் குளம்பும் 18 காரட் தங்கம், தலைக்கு மேல் ஒரு தங்கத் தட்டு. செய்தவர் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட். படைப்பின் பெயர் ‘பொன் கன்றுக்குட்டி’. மறுநாள் பத்திரிகைகள் அதன் விலை 1 கோடியே 3 லட்சம் பவுண்டு என்று எழுதின.

இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் நமக்கு எழும் முதல் கேள்வி, இதற்கு இவ்வளவு விலை என்று யார் சொன்னது என்பதுதான். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம்.

சமகாலக் கலைப்படைப்பு ஒன்றுக்கு வாழ்நாளில் இரண்டு வகை விலை உண்டு. கலைஞரின் பட்டறையிலிருந்து முதல்முறை வெளியே வரும்போது கேலரிக்காரர் வைக்கும் விலை ஒன்று. வாங்கியவர் பிற்பாடு விற்கும்போது கிடைக்கும் விலை இன்னொன்று. ஏலம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது. செய்தியில் வருவதும் அதுதான். ஆனால் விலைக்கு அஸ்திவாரம் போடுவது முதல் விற்பனை. அதைப் புரிந்துகொள்ளாமல் ஏலத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எனவே கன்றைச் சற்று நேரம் தொட்டியிலேயே விட்டுவிட்டுக் கேலரிக்குப் போவோம்.

ஒரு இளம் ஓவியரின் முதல் கண்காட்சி. சுவரில் பன்னிரண்டு கேன்வாஸ்கள். அவற்றில் இரண்டு மற்றவற்றைவிட அருமையாக வந்திருக்கின்றன, அது கேலரிக்காரருக்கும் தெரியும். அப்படியும் அந்த இரண்டுக்கும் அவர் கூடுதல் விலை வைக்க மாட்டார். ஒரே அளவுள்ள படங்களுக்கு ஒரே விலை. அந்த இரண்டுக்கு மட்டும் கூட்டி வைத்தால் மற்ற பத்தும் மட்டம் என்று விலைப்பட்டியலே சொன்னதாகிவிடும். அவற்றை வாங்க வந்தவர் தயங்குவார், ஓவியரின் மனமும் கெடும். அதனால் உலகம் முழுக்கப் பெரும்பாலான கேலரிகள் அளவை வைத்தே கணக்குப் போடுகின்றன. ஓலாவ் வெல்டுயிஸ் என்ற டச்சு சமூகவியலாளர் ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் கேலரிக்காரர்களைப் பேட்டி கண்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

கணக்கு எப்படி என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 36 அங்குல உயரம், 48 அங்குல அகலம் உள்ள படம். இரண்டையும் கூட்டினால் 84. இந்த ஓவியருக்கு கேலரிக்காரர் வைத்திருக்கும் பெருக்கும் எண் 2,000 என்று கொள்வோம். விலை 1,68,000 ரூபாய். அதே ஓவியரின் பெரிய படம், 60-க்கு 72. கூட்டினால் 132, விலை 2,64,000. இதையே பரப்பளவை வைத்து, சதுர அங்குலம் 100 ரூபாய் என்று போட்டிருந்தால் சின்னப் படம் 1,72,800, பெரிய படம் 4,32,000 ஆகியிருக்கும். பெரிய படம் வீட்டுச் சுவரில் மாட்டக் கஷ்டம், அதை வாங்கும் ஆள் குறைவு. எனவே அளவு கூடக்கூட விலை மெல்ல ஏறுகிற கூட்டல் கணக்கு பல கேலரிகளுக்கு வசதியாக இருக்கிறது. நம் நாட்டில் 2005-க்குப் பிறகு வந்த கலைச்சந்தை எழுச்சியில் சதுர அங்குலக் கணக்குதான் பேச்சாக இருந்தது. பங்குச்சந்தைக் குறியீட்டைப் போல ஓவியர்களுக்கு சதுர அங்குல விலைக் குறியீடே வெளியிட்டார்கள்.

அந்த 2,000 எங்கிருந்து வந்தது? அங்கேதான் கேலரிக்காரரின் அனுபவம். அதே வயதில், அதே மாதிரிப் படிப்பும் கண்காட்சி வரலாறும் உள்ள மற்ற ஓவியர்களுக்கு என்ன விலை என்று பார்ப்பார். அதைவிடக் கொஞ்சம் தாழ்த்தியே வைப்பார். கண்காட்சி முழுக்க விற்றுப்போனால் அடுத்த முறை பத்து, இருபது சதவீதம் ஏற்றுவார். ஓர் அருங்காட்சியகம் வாங்கினால் இன்னொரு படி, வெனிஸ் போன்ற பெரிய பியனாலேவுக்கு அழைப்பு வந்தால் இன்னொரு படி. கிடைக்கும் பணத்தில் வழக்கமாகப் பாதி ஓவியருக்கு, பாதி கேலரிக்கு.

இந்தப் படிக்கட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஏறலாம், இறங்கக் கூடாது. போன வருடம் 1,68,000 கொடுத்து வாங்கியவர், இந்த வருடம் அதே அளவுப் படம் 1,20,000-க்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் அவர் வீட்டுச் சுவரில் இருப்பதன் மதிப்பும் அன்றே இறங்கிவிடும். அவர் மறுபடி அந்தக் கேலரி வாசலை மிதிக்க மாட்டார். அதனால் ஒரு ஓவியருக்கு வரவேற்பு குறைந்தாலும் விலைப்பட்டியலில் எண் குறையாது, விற்பனைதான் நிற்கும். தெரிந்த வாடிக்கையாளருக்கு ரகசியமாகத் தள்ளுபடி போகும். பத்து சதவீதம் என்பது எப்போதும் உள்ள மரியாதை, அதற்கு மேல் போனால் நிலைமை சரியில்லை என்று பொருள். பிறகு கண்காட்சிகளின் இடைவெளி நீளும், கேலரி இணையதளத்தில் பெயர் இருக்கும், புதுப் படம் இருக்காது. கலைச்சந்தையில் ஒருவருடைய விலை விழுந்துவிட்டதை விலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மௌனத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு ஓவியர் திடீரென்று பேசப்படுகிறார், பன்னிரண்டு படத்துக்கு நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். வேறு எந்தக் கடையிலும் விலை உடனே ஏறும். கேலரியில் ஏறாது. விலையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, நூறு பேரில் யாருக்குக் கொடுப்பது என்று கேலரிக்காரர் தேர்ந்தெடுப்பார். முதலில் அருங்காட்சியகங்கள். அடுத்து, நல்ல சேகரிப்பு வைத்திருக்கும், வாங்கியதை விற்காத பெயர்கள். சில கேலரிகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டு படங்களை வாங்கி ஒன்றை ஓர் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தால் மற்றொன்றை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பணம் தயாராக இருந்தும் படம் கிடைக்காத பணக்காரர்கள் இந்த உலகில் நிறைய.

இந்தத் தேர்வை வெறும் பந்தா என்று நான் நினைக்கவில்லை. இதில் ஓர் அக்கறை இருக்கிறது. 20,000 டாலருக்கு வாங்கியவர் ஆறே மாதத்தில் அதை ஏலத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? தெருவில் ஒரு மனை அதிக விலைக்குப் போனால் அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை மனைக்காரரும் அதே விலை சொல்ல ஆரம்பிப்பார்கள் அல்லவா, அதுதான் நடக்கும். அந்த ஓவியரின் படத்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் விற்க ஓடுவார்கள். ஏலத்தில் வரத்து கூடும், வாங்குபவர் தீர்ந்துபோவார்கள். லூசியன் ஸ்மித் என்ற இளம் அமெரிக்க ஓவியருக்கு இது நடந்தது. 2011-இல் 10,000 டாலருக்கு விற்ற அவருடைய மாணவப் பருவப் படம் ஒன்று 2013 நவம்பரில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 3,89,000 டாலருக்குப் போனது. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய படங்களின் ஏல விலை அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. அவர் அதற்குள் மோசமாக வரைய ஆரம்பித்துவிடவில்லை. விலை மட்டும் அவரை முந்திக்கொண்டு ஓடிவிட்டது.

ஆகவே கேலரிகள் ரசீதில் ஷரத்து எழுதுகின்றன. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, விற்பதானால் முதலில் எங்களிடம் கொண்டுவர வேண்டும். எழுத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீறியவருக்கு ஒரு தண்டனை நிச்சயம், அடுத்த படம் கிடைக்காது. கிரெய்க் ராபின்ஸ் என்ற மயாமி சேகரிப்பாளர் 2010-இல் இதையே நியூயார்க் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். மார்லீன் டூமா என்ற ஓவியரின் படம் ஒன்றைத் தான் டேவிட் ஸ்விர்னர் கேலரி மூலம் ரகசியமாக விற்றதாகவும், அந்தச் செய்தி ஓவியரின் காதுக்குப் போனதால் தன்னைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டதாகவும், இப்போது அவருடைய புதுப் படங்கள் தனக்கு மறுக்கப்படுவதாகவும் வழக்கு. படங்களை வேறு யாருக்கும் விற்காமல் தடுக்க அவர் கேட்ட உத்தரவை நீதிபதி கொடுக்கவில்லை. கேலரிகள் வெளியே சொல்லாத ஒரு பட்டியல் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

இனி ஏலத்துக்கு வரலாம். கேலரியில் எல்லாம் திரைமறைவு, ஏலத்தில் எல்லாம் வெளிச்சம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை.

ஏலப் பட்டியலில் ஒவ்வொரு படைப்புக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு என்று ஒரு மதிப்பீடு அச்சாகும். அச்சாகாத இன்னொரு எண் உண்டு, அதற்கு ரிசர்வ் என்று பெயர். அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று விற்பவரும் ஏல நிறுவனமும் பேசிவைத்த தொகை. மதிப்பீட்டின் கீழ் வரம்பைவிட இது அதிகமாக இருக்கக் கூடாது என்பது நடைமுறை. ஏலம் தொடங்கியதும் ரிசர்வ் எட்டும்வரை, அரங்கில் ஒருவரும் கை தூக்காவிட்டாலும், ஏலதாரர் விற்பவரின் சார்பில் தானே கேள்வி எழுப்பி விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பார்த்து ஏலம் கேட்பது என்று இதற்கு அந்தத் தொழிலில் பெயர். இது சட்டவிரோதம் இல்லை, பட்டியலின் பின்பக்க நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது. ஆனால் ஐந்தாறு கேள்விகள் விறுவிறுவென்று ஏறுவதைப் பார்த்து ஐந்தாறு பேர் போட்டியிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ரிசர்வை யாரும் தொடாவிட்டால் படைப்பு விற்காமல் திரும்பிவிடும். அப்படித் திரும்பியதை வாங்க அடுத்த சில வருடங்களுக்கு ஆள் வருவது கடினம்.

சுத்தியல் தட்டப்படும்போது ஒலிக்கும் தொகை சுத்தியல் விலை. வாங்குபவர் கொடுப்பது அது மட்டும் இல்லை. அதன்மேல் ஏல நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும். செய்தியில் வருவது இரண்டையும் கூட்டிய தொகை. பட்டியலில் அச்சான மதிப்பீட்டிலோ அந்தக் கட்டணம் சேராது. இந்த வித்தியாசம்தான் செய்தி படிப்பவரை ஏமாற்றுகிறது.

இப்போது கன்றுக்குட்டியிடம் திரும்புவோம். அதன் மதிப்பீடு 80 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு. செய்தியில் வந்தது 1 கோடியே 3 லட்சம். மதிப்பீட்டின் நடுப்புள்ளியையும் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் சுத்தியல் விழுந்தது 92 லட்சத்தில். அன்றைய கட்டண விகிதம் மூன்று அடுக்கு. முதல் 25,000 பவுண்டுக்கு 25 சதவீதம், அதாவது 6,250. அங்கிருந்து 5 லட்சம் வரை 20 சதவீதம், அது 95,000. மீதமுள்ள 87 லட்சத்துக்கு 12 சதவீதம், அது 10,44,000. மூன்றையும் கூட்டினால் 11,45,250. 92 லட்சத்தோடு சேர்த்தால் 1,03,45,250 பவுண்டு. செய்தியின் எண் இதுதான். மதிப்பீட்டோடு ஒப்பிட வேண்டிய எண் 92 லட்சம், அது நடுப்புள்ளிக்குக் கீழே. அன்று மாலையில் உண்மையான போட்டி நடந்தது வேறொன்றுக்கு. ‘ராஜ்யம்’ என்ற புலிச்சுறாவின் மதிப்பீடு 40 முதல் 60 லட்சம். அது 85 லட்சத்துக்குத் தட்டப்பட்டது. கட்டணத்தோடு பார்த்தால் கன்றைவிடச் சுறா விலை குறைவு. ஆனால் அந்த அரங்கில் இருந்தவர்கள் எதை விரும்பினார்கள் என்பதைச் சுறாதான் சொல்கிறது.

அந்த ஏலத்தை நான் உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு மட்டும் இல்லை. அன்று விற்பவராக இருந்தது கலைஞரே. இரண்டு நாளில் ஏலத்துக்கு வைத்த 223 படைப்புகளும் நேரே ஹர்ஸ்டின் பட்டறையிலிருந்து வந்தவை. முதல் விற்பனை என்றால் கேலரி, இரண்டாவது என்றால் ஏலம் என்ற பிரிவை அவர் உடைத்துவிட்டார். லண்டனில் ஜே ஜாப்ளிங்கின் வைட் க்யூப், நியூயார்க்கில் லாரி ககோசியன் என்று உலகின் இரண்டு பெரிய கேலரிகள் அவரிடம் இருந்தன. இரண்டையும் தாண்டி அவர் நேராக அரங்குக்கு வந்தார். அதற்கு ஒரு முன்னோட்டமும் உண்டு. ‘ஃபார்மசி’ என்று லண்டனில் அவர் பங்காளியாக இருந்து நடத்திய உணவகம் மூடியபோது, அங்கிருந்த படங்கள், நாற்காலிகள், கண்ணாடிக் கோப்பைகள்வரை 2004-இல் சோத்பீஸ் ஏலம் விட்டது. 1 கோடியே 11 லட்சம் பவுண்டு வந்தது. கேலரி இல்லாமலும் முடியும் என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான்.

கேலரிகள் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, அல்லது காட்டிக்கொள்ளவில்லை. ஏலத்துக்கு வருவோம் என்றார்கள். ஜாப்ளிங் அரங்கில் உட்கார்ந்து ஏலமும் கேட்டதாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. தனக்கு வர வேண்டிய பங்கைப் பறித்த ஏலத்தில் அவர் ஏன் பணம் போட வேண்டும்? அவருடைய இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு கலைஞரைப் பல ஆண்டு பிரதிநிதித்துவம் செய்யும் கேலரியிடம் அவருடைய படைப்புகள் இருப்பு இருக்கும். அதே கேலரியில் வாங்கிய நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஹர்ஸ்டின் வண்ணப் புள்ளி ஓவியம் ஒன்று அரங்கில் மலிவாகப் போனால் இவர்கள் அத்தனை பேரின் கையில் இருப்பதும் அன்றிரவே மலிந்துவிடும். ஒன்றிரண்டை நல்ல விலைக்குத் தானே வாங்கிவிடுவது அதைவிடச் செலவு குறைவு. வார்ஹால் படைப்புகளை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் முக்ராபி குடும்பத்தினர் நியூயார்க் ஏலங்களில் வார்ஹால் வரும்போதெல்லாம் கை தூக்குவதும் இதனால்தான். கை தூக்குபவர் படத்தை விரும்புகிறாரா, தன் வீட்டில் இருப்பதற்குக் காவல் நிற்கிறாரா என்று பார்வையாளருக்குத் தெரியாது. பல சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஹர்ஸ்டின் ஏலம் தொடங்கிய அன்று காலையில்தான் லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்திருந்தது. உலகப் பங்குச்சந்தைகள் சரிந்துகொண்டிருந்தன. அரங்கை மட்டும் அது எட்டவில்லை. இரண்டு நாள் மொத்தம் 11 கோடியே 10 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அன்றைய மாற்று விகிதத்தில் 900 கோடி ரூபாயை ஒட்டி. ஆனால் ஒரே கலைஞரின் இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை இரண்டு நாளில் சந்தையில் இறக்கியதன் விளைவு அடுத்த ஆண்டு தெரிந்தது. ஹர்ஸ்டின் ஏல விற்பனை அதலபாதாளத்துக்குப் போனது. வாங்கக்கூடிய அத்தனை பேரும் ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். அந்த ஏலத்தில் வாங்கியவற்றில் பல, பின்னாளில் கொடுத்த விலைக்குக் கீழேதான் போயின. வரத்தை அளந்து விடுவதுதான் கேலரியின் உண்மையான வேலை என்பது அப்போது பலருக்குப் புரிந்தது. ஹர்ஸ்ட் 2012 கடைசியில் ககோசியனை விட்டு விலகினார், 2016-இல் திரும்பியும் வந்தார்.

2008 இறுதியில் ஏல நிறுவனங்களுக்கும் அடி விழுந்தது. நல்ல படைப்பு வேண்டும் என்பதற்காக, ஏலத்தில் என்ன வந்தாலும் இவ்வளவு தருகிறோம் என்று விற்பவர்களுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார்கள். சந்தை சரிந்ததும் அந்த வாக்குக்காகச் சொந்தப் பணத்தை இழந்தார்கள். பிறகு அந்தச் சுமையை வெளியாரிடம் கைமாற்றும் வழக்கம் பரவியது. ஒரு சேகரிப்பாளரோ டீலரோ ஏலத்துக்கு முன்பே ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிடுவார், அதைத் திரும்பப் பெற முடியாது. அரங்கில் யாரும் அதற்கு மேல் கேட்காவிட்டால் படைப்பு அவருக்கு. கேட்டுவிட்டால், கூடுதலாக வந்ததில் அவருக்கு ஒரு பங்கு. பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் இருக்கும், எவ்வளவு, யார் என்று இருக்காது. அந்தக் குறி உள்ள படைப்பு ஏலத்துக்கு வரும்போது ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது என்றுதான் பொருள். அரங்கில் நடப்பது அதற்கு மேல் எவ்வளவு என்ற கேள்வி மட்டும். பெரிய மாலை ஏலங்களில் விலை உயர்ந்த படைப்புகள் பலவற்றுக்கு இன்று இந்தக் குறி இருக்கிறது.

அதனால்தான் 2018 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸில் நடந்த ஒரு விற்பனைக்கு எனக்குத் தனி மதிப்பு. டேவிட் ஹாக்னி 1972-இல் வரைந்த நீச்சல் குள ஓவியம். நீருக்கடியில் ஒருவர் நீந்திவர, கரையில் இளஞ்சிவப்புக் கோட்டு போட்ட இன்னொருவர் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு வாக்குத் தொகையும் இல்லை, ரிசர்வும் இல்லை. சரவிளக்கு கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஏலம். 8 கோடி டாலருக்குச் சுத்தியல் விழுந்தது, கட்டணத்தோடு 9 கோடியே 3 லட்சம். உயிரோடு இருக்கும் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு அன்றுவரை ஏலத்தில் கிடைத்த உச்ச விலை.

அந்த ஓவியத்தின் முதல் விலை என்ன தெரியுமா? நியூயார்க்கில் ஆந்த்ரே எமரிக் கேலரி அதை 1972-இல் 18,000 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் கைமாற்ற, சில மாதங்களிலேயே அது 50,000 டாலருக்குப் போனது. இரண்டு வாரம் இரவு பகலாக உட்கார்ந்து முடித்த ஓவியருக்கு அந்த வித்தியாசத்தில் ஒரு காசு கிடையாது. 2018-இன் 9 கோடியிலும் சட்டப்படி அவருக்கு எதுவும் சேராது. நியூயார்க்கில் அப்படி ஒரு உரிமையே இல்லை. பிரிட்டனில் 2006 முதல் மறுவிற்பனைப் பங்கு உண்டு. 4 சதவீதத்தில் தொடங்கி, விலை ஏற ஏற விகிதம் இறங்கி, கடைசியில் எவ்வளவு கோடிக்கு விற்றாலும் 12,500 பவுண்டுக்கு மேல் போகாது.

விலை முந்திக்கொண்டு ஓடும் கதை நம் நாட்டிலும் நடந்தது. தையப் மேத்தாவின் ‘மகிஷாசுரன்’ 2005-இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் 15 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. அதற்குப் பிறகு அவருடைய தலைமுறை ஓவியர்கள் அனைவரின் விலையும் ஏறியது, அவர்களுக்குப் பின் வந்த இளைஞர்களின் விலையும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியது. 2008-க்குப் பிறகு மூத்தவர்களின் விலை மீண்டது. இளையவர்கள் பலருடையது மீளவில்லை. முன்னவர்களுக்கு ஐம்பது ஆண்டு கண்காட்சி வரலாறு கீழே தாங்கி நின்றது, பின்னவர்களுக்கு மூன்று ஆண்டு ஏல விலை மட்டும்.

ஏலச் செய்தி ஒன்றை இனி நீங்கள் பார்த்தால் கட்டணம் சேர்ந்த விலையா, முன்வாக்கு இருந்ததா, ரிசர்வ் இருந்ததா என்று தேடிப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் இணையதளத்திலேயே பெரும்பாலானவை கிடைக்கும். நீங்களே ஒரு ஓவியம் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், ஏல விலையைப் பார்த்து வாங்க வேண்டாம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கோ, உங்கள் ஊர்க் கேலரிக்கோ போய், அந்த ஓவியருடைய கடந்த ஐந்து வருட விலைப்பட்டியலைக் கேளுங்கள். படிப்படியாக ஏறியிருக்கிறதா, படங்கள் தொடர்ந்து விற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். ரசீதில் தலைப்பு, ஆண்டு, அளவு மூன்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு விற்க நேர்ந்தால் அந்தத் தாள்தான் படத்தின் பிறப்புச் சான்றிதழ்.

அப்படி விற்கும் நாள் வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53A பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியத்தில் ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ பங்கு உண்டு என்கிறது. 10 சதவீதம்வரை அந்தப் பங்கை நிர்ணயிக்கலாம். சட்டப் புத்தகத்தில் இருக்கிற அந்த வரி விற்பனைக் கணக்குகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. நம் ஏல நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைக் கணக்கிடும் அதே தாளில் ஓவியருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். விற்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.